புகை அடித்த பிறகு காய்ச்சல் குறைந்ததா? சான்று என்றால் என்ன, அது அலுவலகக் கோப்புக்குள் ஏன் நுழைய மாட்டேன் என்கிறது

கன்னியாகுமரி மாவட்டத்துக்கு மழை இரண்டு தடவை வருகிறது. ஜூனில் தொடங்கும் தென்மேற்குப் பருவமழை முழுவதும் ஓய்வதற்குள் அக்டோபரில் வடகிழக்குப் பருவமழை வந்துவிடும். வெளியே கிடக்கிற பாத்திரமெல்லாம் தண்ணீர் பிடித்துக் கிடக்கும் காலம் இங்கே மற்ற மாவட்டங்களைவிட நீளம். அதனால் டெங்கு பரப்பும் ஏடிஸ் கொசுவின் காலமும் நீளம். ஒரு வார்டில் நாலு பேருக்கு டெங்கு என்று ஆரம்ப சுகாதார நிலையத்திலிருந்து பட்டியல் வந்த உடனே பேரூராட்சி அலுவலகத்துக்கு வரும் முதல் கேள்வி, "நம்ம வார்டுல இன்னும் மருந்து அடிக்கலியே சாரே" என்பதுதான். அன்று மாலையே புகை இயந்திரம் தெருவில் இறங்கிவிடும்.

இந்தப் புகை மருந்தை வைத்தே 'சான்று அடிப்படையிலான கொள்கை' என்ற சொல்லைப் புரிந்துகொள்ளலாம். இப்போது அரசு அறிக்கைகளிலும் தொலைக்காட்சி விவாதங்களிலும் இந்தச் சொல் அடிக்கடி காதில் விழுகிறது. அறிக்கையில் நாலு புள்ளிவிவரம் இருந்தால் போதும், அது சான்று அடிப்படையிலானது என்று சிலர் நினைக்கிறார்கள். பெரிய நிபுணர் சொன்னதைச் செய்வதுதான் அது என்று வேறு சிலர் நினைக்கிறார்கள். இரண்டும் சரியில்லை. ஒரு நடவடிக்கை எடுத்ததால் என்ன மாறியது, எடுக்காமல் இருந்திருந்தால் என்ன நடந்திருக்கும், இரண்டுக்கும் நடுவில் உள்ள வேறுபாடு எவ்வளவு என்று நேர்மையாகக் கணக்குப் பார்த்து, அந்தக் கணக்கையும் முடிவெடுக்கும்போது எடைபோடுவதுதான் சான்று அடிப்படையிலான கொள்கை. மக்கள் விருப்பம், சட்டம், கையிலிருக்கும் பணம் ஆகியவையும் அந்தத் தராசில் இருக்கும். சான்று அவற்றோடு சேர்ந்து உட்காரும், அவற்றை வெளியே தள்ளாது.

## 'செய்தோம், குறைந்தது' ஏன் போதாது

தென்னந்தோப்பு வைத்திருப்பவர்களுக்கு இது எளிதில் புரியும். ஒருவர் தோப்பிலுள்ள எல்லா மரத்துக்கும் புதிய உரம் வைத்தார். அந்த வருடம் மழையும் நன்றாகப் பெய்தது, காய் கூடியது. உரத்தால் கூடியதா, மழையால் கூடியதா? அவரால் சொல்லவே முடியாது. ஒரு வரிசைக்கு வைத்து, அடுத்த வரிசைக்கு வைக்காமல் விட்டிருந்தால் சொல்லியிருக்கலாம். இரண்டு வரிசையும் நனைந்தது ஒரே மழையில்தான். ஆகவே வித்தியாசம் தெரிந்தால் அது உரத்தினுடையது.

வைக்காமல் விட்ட அந்த வரிசைக்குப் பெயர் ஒப்பீட்டுக் குழு. எதையும் செய்யாமல் இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதை நமக்குக் காட்டுவது அதுதான். அது இல்லாமல் 'முன்பு இவ்வளவு, பின்பு இவ்வளவு' என்று மட்டும் சொன்னால் மழையின் பெருமையும் உரத்தின் கணக்கில்தான் சேரும்.

புகை மருந்து விஷயத்தில் நடப்பது இதேதான். ஒரு வார்டில் வாரத்துக்கு வாரம் 2, 5, 9, 14 பேர் என்று காய்ச்சல் ஏறியதாக வைத்துக்கொள்வோம். 14 வந்த வாரத்தின் சனிக்கிழமை புகை அடிக்கிறார்கள். அடுத்த வாரம் 8, அதற்கடுத்த வாரம் 4. பார்க்கிறவர்கள் எல்லோரும் 'மருந்து வேலை செய்தது' என்றுதான் சொல்வார்கள்.

இப்போது நாட்களை எண்ணிப் பாருங்கள். டெங்கு கிருமியுள்ள கொசு கடித்த பிறகு காய்ச்சல் வெளிப்பட 4 முதல் 10 நாள் ஆகும். அதன்பின் ஒன்றிரண்டு நாள் வீட்டில் கஞ்சியும் மாத்திரையுமாக ஓடும், பிறகுதான் ரத்தப் பரிசோதனை, பிறகுதான் பட்டியல். ஆக, புகை அடித்ததற்கு அடுத்த வாரப் பட்டியலில் ஏறியவர்களில் அநேகமாக எல்லோரும் புகைக்கு முன்பே கடி வாங்கியவர்கள். சனிக்கிழமை அடித்த புகையால் அவர்கள் எண்ணிக்கையைக் கூட்டவும் முடியாது, குறைக்கவும் முடியாது. 14 என்பது 8 ஆனதற்குக் காரணம் வேறு ஏதோ.

அந்த வேறு ஏதோ பெரும்பாலும் இதுதான். காய்ச்சல் உச்சத்துக்குப் போகும்போதுதான் புகார் வருகிறது, புகார் வந்தபின்தான் இயந்திரம் இறங்குகிறது. உச்சத்துக்குப் போன எதுவும் தானாகவும் இறங்கும். மிக உயர்ந்த ஒரு அளவுக்குப் பிறகு வரும் அளவு வழக்கமான நிலையை நோக்கி இறங்கிவருவதைச் சராசரிக்குத் திரும்புதல் என்பார்கள். அந்த உச்சத்தில் எதைச் செய்தாலும் அதற்குப் பலன் கிடைத்த மாதிரித் தோன்றும். இங்கே யாரும் பொய் சொல்லவில்லை. கண்ணால் கண்டதைத்தான் சொல்கிறார்கள், ஆனால் ஒப்பிட்டுப் பார்க்க இன்னொரு வார்டு அவர்கள் கண்முன் இல்லை.

சுருக்கமாக: முன்பு, பின்பு என்ற இரண்டு எண் சான்று ஆகாது. ஒப்பீட்டுக் குழு வேண்டும். நடவடிக்கைக்கும் பலனுக்கும் நடுவில் எத்தனை நாள் ஆகும் என்றும் தெரிந்திருக்க வேண்டும்.

## புகை எதைக் கொல்கிறது, எதைக் கொல்வதில்லை

புகை இயந்திரம் பூச்சிமருந்தை டீசல் போன்ற எண்ணெயோடு சேர்த்து மிக நுண்ணிய துளிகளாக்கி வீசுகிறது. அந்தத் துளி காற்றில் மிதக்கும் சில நிமிடங்களுக்குள் பறந்துகொண்டிருக்கும் கொசு மேல் பட்டால் கொசு சாகும். அவ்வளவுதான் அதன் வேலை. தண்ணீருக்குள் இருக்கும் முட்டை, புழு, கூட்டுப்புழு எதையும் அது தொடுவதில்லை. கூட்டுப்புழு என்பது புழு கொசுவாக மாறுவதற்கு முந்தைய கடைசி நிலை. அது ஏறத்தாழ இரண்டு நாளில் கொசுவாகிப் பறந்துவிடும். இன்று தெருவிலிருந்த கொசு முழுவதும் செத்தாலும் நாளை மறுநாள் புதுக் கொசு வந்துவிடும் என்றுதான் இதற்குப் பொருள்.

இன்னொரு சிக்கலும் உண்டு. டெங்கு பரப்பும் ஏடிஸ் எஜிப்டி கொசு வீட்டுக்குள் இருட்டான இடத்தில், கொடியில் தொங்கும் துணிக்குப் பின்னால், கட்டிலுக்கு அடியில் உட்காரும் பழக்கமுடையது. தெருவில் புகை வரும்போது மணம் தாங்காமல் நாம் கதவையும் ஜன்னலையும் அடைத்துக்கொள்கிறோம். அதாவது கொசுவை உள்ளே வைத்துப் பூட்டிவிட்டு வெளியே மருந்து அடிக்கிறோம்.

ஆராய்ச்சி என்ன சொல்கிறது? ஒரே கேள்வி பற்றி உலகெங்கும் நடந்த ஆய்வுகளை எல்லாம் விதிமுறைப்படி தேடி, தரம் பிரித்து, ஒன்றாக எடைபோடுவதைத் தொகுப்பாய்வு என்பார்கள். வீட்டைச் சுற்றிப் புகை அடிப்பது பற்றி 2010-இல் வெளியான ஒரு தொகுப்பாய்வு, அதை மட்டும் தனியாக நம்பி டெங்குவைக் கட்டுப்படுத்தலாம் என்று பரிந்துரைக்கத் தெளிவான சான்று இல்லை என்று முடித்தது. எல்லாக் கொசு ஒழிப்பு முறைகளையும் பார்த்த 2016-ஆம் வருடத் தொகுப்பாய்வும் புகைக்கு நம்பத்தகுந்த சான்றைக் காணவில்லை. 'பயன் தரும் என்பதற்குச் சான்று இல்லை' என்பதை 'பயன் இல்லை என்று நிரூபித்தாகிவிட்டது' என்று வாசித்துவிடக் கூடாது. நோய் வெடித்துப் பரவும் அவசரத்தில் கிருமியோடு பறக்கும் கொசுக்களை உடனே குறைக்க மற்ற வேலைகளோடு சேர்த்துப் புகையைப் பயன்படுத்தலாம் என்றே உலக சுகாதார நிறுவனமும் சொல்லியிருக்கிறது. வருடம் முழுவதும் வாடிக்கையாக அடிப்பதற்குத்தான் ஆதரவு இல்லை.

## நல்ல ஆய்வு ஒன்று எப்படி நடந்தது

ஒப்பீட்டுக் குழுவை எப்படித் தேர்வது என்பதில்தான் பல ஆய்வுகள் சறுக்குகின்றன. ஒத்துழைக்கும் ஊர்களில் திட்டத்தை நடத்திவிட்டு, முரண்டு பிடித்த ஊர்களை ஒப்பீட்டுக்கு வைத்தால், வித்தியாசம் திட்டத்தினுடையதா, ஊரின் குணத்தினுடையதா என்று தெரியாது. எந்த ஊருக்குத் திட்டம், எதற்கு இல்லை என்பதைச் சீட்டுக் குலுக்கி முடிவுசெய்தால் அந்தச் சந்தேகம் தீரும். இப்படிச் செய்யும் ஆய்வுக்குக் குலுக்கல் முறைச் சோதனை என்று பெயர்.

மத்திய அமெரிக்க நாடான நிகரகுவாவிலும், மெக்சிகோவிலும் டெங்கு பற்றி அப்படி ஒரு சோதனை நடந்தது. முடிவு 2015-இல் வெளியானது. நிகரகுவாவில் 60, மெக்சிகோவில் 90 என்று 150 குடியிருப்புப் பகுதிகள். குலுக்கலில் வந்த பாதிப் பகுதிகளில் வீட்டாரோடு உட்கார்ந்து பேசி, அவர்கள் வீட்டுத் தண்ணீரில் இருக்கும் புழுவை அவர்களுக்கே காட்டி, தொட்டியைத் தேய்ப்பது, மூடுவது, மீன் விடுவது என்று எந்த வேலை அவர்களுக்கு ஒத்துவருமோ அதை அவர்களே தேர்ந்துகொள்ள விட்டார்கள். அரசு வழக்கமாகச் செய்யும் கொசு ஒழிப்பு எல்லாப் பகுதியிலும் அப்படியே தொடர்ந்தது. கடைசியில் குழந்தைகளின் உமிழ்நீரைப் பரிசோதித்தபோது, பேச்சு நடந்த பகுதிகளில் புதிதாக டெங்கு தொற்றியவர்கள் மற்றப் பகுதிகளைவிட 29.5 சதவீதம் குறைவு.

இது பெரிய பலன். ஆனால் இதையே எடுத்து அப்படியே குலசேகரத்துக்கோ அருமனைக்கோ ஒட்டிவிட முடியாது. அங்கே கொசு பெருகிய முக்கிய இடம் வீட்டுத் தண்ணீர்த் தொட்டி. நம் மாவட்டத்தின் மேற்குப் பக்கம் ரப்பர் தோட்டங்கள். பால் வடியும் சிரட்டையும் பிளாஸ்டிக் கப்பும் ஏடிஸ் குடும்பத்தின் இன்னொரு கொசுவான ஏடிஸ் அல்போபிக்டஸுக்குத் தொட்டில் போன்றவை. மழைக்கவசம் கட்டாத தோட்டத்தில் மழைக்காலத்தில் பால்வெட்டு நின்றுவிடும். அப்போது கப்பைக் கவிழ்த்து வைக்காமல் விட்டால், 300 மரமுள்ள தோட்டத்தில் 300 சின்னத் தொட்டிகள் நிரம்பி நிற்கும். வீடு வீடாகப் போய்த் தொட்டியைப் பார்த்துவிட்டு வந்தால் இந்த 300-உம் கணக்கிலேயே வராது. ஓரிடத்துச் சான்று இன்னோரிடத்துக்கு எந்த அளவு பொருந்தும் என்று பார்ப்பது தனி வேலை. அந்த வேலையை உள்ளூர்தான் செய்ய வேண்டும்.

இதுவரை: வாடிக்கையான புகைக்குச் சான்று மெலிவு. கொசு பிறக்கும் இடத்தை வீட்டாரோடு சேர்ந்து ஒழிப்பதற்கு ஒரு நல்ல சான்று இருக்கிறது. அதை உள்ளூருக்கு ஏற்ப மாற்றியாக வேண்டும்.

## அலுவலகத்துக்குள் என்ன நடக்கிறது

இவ்வளவும் அதிகாரிகளுக்குத் தெரியாது என்று நினைத்துக்கொண்டால் தவறு. புகையைப் பற்றி ஒரு சுகாதார ஆய்வாளரிடம் தனியாகக் கேட்டால் பெரும்பாலும் மேலே சொன்னதைத்தான் சொல்வார். ஆனாலும் இயந்திரம் இறங்குகிறது. ஏன் என்று புரிய, கோப்பு நகரும் வழியைப் பார்க்க வேண்டும்.

திங்கட்கிழமை மக்கள் குறைதீர்க்கும் நாளில் நாகர்கோவிலில் ஒருவர் மனு கொடுக்கிறார்: 'எங்கள் தெருவில் கொசுத் தொல்லை தாங்கவில்லை.' அது பேரூராட்சிக்கு வருகிறது. குறித்த நாளுக்குள் பதில் போக வேண்டும். செயல் அலுவலரின் மேசையில் அன்று வரிவசூல் அறிக்கை, குடிநீர்க் குழாய் உடைப்பு, கட்டட அனுமதி, மன்றக் கூட்டத்துக்கான பொருள்நிரல் எல்லாம் இருக்கின்றன. மனுவுக்கு எழுத வேண்டிய பதில் ஒரே வரி: 'இன்ன தேதியில் கொசு மருந்து அடிக்கப்பட்டது.' கூடவே ஒரு புகைப்படம். கோப்பு முடிந்தது.

மனுதாரர் சொன்ன தொல்லை பெரும்பாலும் இரவில் காதருகே ரீங்காரமிடும் கியூலெக்ஸ் கொசுவினுடையது. அது ஓடைச் சாக்கடையில் பிறப்பது, டெங்கு பரப்புவதில்லை. டெங்கு பரப்பும் ஏடிஸ் பகலில் கடிப்பது, தெளிந்த தண்ணீரில் பிறப்பது. இந்த இரண்டு பிரச்சினையும் 'கொசு' என்ற ஒரே தலைப்பில் ஒரே கோப்பாகி, ஒரே புகையால் முடிகின்றன.

அதே மனுவுக்குச் சான்றின்படி பதில் எழுத முயன்று பாருங்கள். 'தெருவில் 60 வீடுகள் பார்க்கப்பட்டன, 7 வீடுகளில் புழு இருந்தது, தொட்டிகள் தேய்க்கப்பட்டன, வாரம் ஒருமுறை தொடரும்' என்று எழுத வேண்டும். இதற்குப் புகைப்படமாக எதை எடுப்பது? முடிந்தது என்று எந்தத் தேதியைப் போடுவது? ஏடிஸ் முட்டையிலிருந்து கொசுவாக ஏறத்தாழ 7 முதல் 10 நாள் ஆகும் என்பதால் வாராவாரம் அதே வீட்டுக்குப் போக வேண்டும். அது முடிவே இல்லாத வேலை. முடிவில்லாத வேலைக்கு முடிந்த கோப்பு கிடையாது.

பணக் கணக்கும் புகைக்குச் சாதகம். டீசல் இத்தனை லிட்டர், மருந்து இத்தனை லிட்டர் என்று கையிருப்புப் பதிவேட்டில் வரவும் செலவும் இருக்கும், தணிக்கைக்கு வருபவர் அதைக் கூட்டிப் பார்த்துக் கையெழுத்திடலாம். வீடு வீடாகப் புழு தேடும் தினக்கூலிப் பணியாளருக்கான செலவோ முழுக்கக் கூலி. அவர் நன்றாக வேலை செய்தார் என்பதற்கு அத்தாட்சி, எதுவும் நடக்காமல் இருப்பது.

எல்லாவற்றையும்விடக் கனமானது பழி. வார்டில் ஒரு குழந்தை இறந்துவிட்டால் எல்லோரும் கேட்கும் கேள்வி 'புகை அடித்தீர்களா?' என்பதுதான். அடித்ததற்குப் பதிவேடு இருந்தால் அதிகாரி தப்புவார். 'சான்று மெலிவாக இருந்ததால் அடிக்கவில்லை, அந்த ஆட்களைத் தொட்டி தேய்க்க அனுப்பினேன்' என்று சொன்னால் அவர் மட்டும் தனியாக நிற்க வேண்டியிருக்கும். அவர் செய்தது சரியாகவே இருக்கலாம். இந்தப் பயத்தைக் கோழைத்தனம் என்று ஆராய்ச்சியாளர்கள் ஒதுக்கிவிடுவது நியாயமில்லை. அவர்கள் யாரும் அந்த நாற்காலியில் உட்கார வேண்டியதில்லை.

ஆய்வு வந்துசேரும் நேரமும் ஒத்துப்போவதில்லை. உள்ளாட்சியின் நிதியாண்டு ஏப்ரல் 1-இல் தொடங்குகிறது. அதற்கான செலவுத் திட்டம் அதற்கு முந்தைய மாதங்களிலேயே உருவாகிவிடும். நாற்பது பக்க ஆங்கில ஆய்வறிக்கை அக்டோபரில், காய்ச்சல் நடுவில் வந்தால் அதைச் செய்ய ஆளும் இல்லை, தலைப்பில் பணமும் இல்லை. அடுத்த ஜனவரியில் அதை நினைவில் வைத்து எடுக்க வேண்டிய அலுவலர் அதற்குள் மாறுதலாகிப் போயிருப்பார்.

## இதையும் ஆராய்ந்திருக்கிறார்கள்

ஆராய்ச்சி ஏன் அலுவலகத்தில் எடுபடவில்லை என்பதே ஒரு ஆராய்ச்சித் துறை. அதில் இரண்டு முடிவுகள் இங்கே உதவும்.

பிரேசிலில் 2,150 நகராட்சிகளை வைத்து நடந்த ஒரு குலுக்கல் முறைச் சோதனையில், சில மேயர்களுக்கு ஒரு ஆய்வு முடிவை நேரில் விளக்கினார்கள்: வரி கட்ட நினைவூட்டிக் கடிதம் அனுப்பினால் வசூல் கூடும் என்பது அந்த முடிவு. விளக்கம் கேட்ட நகராட்சிகளில் அந்தக் கடிதத்தை நடைமுறைப்படுத்தும் வாய்ப்பு 10 சதவீதப் புள்ளி உயர்ந்தது. சான்றைப் புரியும்படி நேரில் சொன்னால் கேட்கிறார்கள் என்பதற்கு இது நல்ல அடையாளம். அந்தக் கடிதம் மலிவான வேலை, எளிதான வேலை என்பதையும் மறக்கக் கூடாது.

இன்னொன்று அமெரிக்காவின் 30 நகரங்களில் நடந்தது. மக்களுக்கு அனுப்பும் கடிதம், அறிவிப்பு போன்றவற்றை மாற்றி எழுதி 73 சோதனைகள் செய்தார்கள். சோதனை முடிந்தபின் எத்தனை சோதனைகளின் மாற்றத்தை நகரங்கள் உண்மையிலேயே வைத்துக்கொண்டன என்று தேடிப் பார்த்தபோது, 27 சதவீதச் சோதனைகளில்தான் அது நிலைத்திருந்தது. முடிவு எவ்வளவு பலமாக வந்தது என்பது பெரிதாக வித்தியாசம் செய்யவில்லை. வித்தியாசம் செய்தது வேறு: ஏற்கெனவே அனுப்பிக்கொண்டிருந்த கடிதத்தில் செய்த மாற்றம் 67 சதவீதத்தில் நிலைத்தது, சோதனைக்காகப் புதிதாகத் தொடங்கிய கடிதம் 12 சதவீதத்தில் மட்டும் நிலைத்தது.

இந்தக் கடைசி இரண்டு எண்களைத்தான் நான் மிக முக்கியமானவையாகக் கருதுகிறேன். அலுவலகம் ஏற்கெனவே செய்துகொண்டிருக்கும் ஒரு வேலைக்குள், ஒரு படிவத்துக்குள், ஒரு பதிவேட்டுக்குள் சான்றை நுழைத்தால் அது தங்கும். புதிதாக ஒரு வேலையைத் தொடங்கச் சொன்னால், எவ்வளவு நல்ல சான்றாக இருந்தாலும், தொடங்கியவர் போனதும் அதுவும் போய்விடும்.

## ஒரு பேரூராட்சியில் செய்து பார்ப்பது

தமிழ்நாட்டு உள்ளாட்சிகளில் வீடு வீடாகப் போய்க் கொசுப்புழு தேடும் பணியாளர்கள் ஏற்கெனவே இருக்கிறார்கள். டி.பி.சி. பணியாளர்கள் என்று அவர்களைச் சொல்கிறார்கள். அவர்களிடம் பதிவேடும் இருக்கிறது. ஆகவே புதிதாக எதையும் தொடங்க வேண்டாம், பதிவேட்டில் இரண்டு பத்தி கூட்டினால் போதும்.

வழக்கமாக எழுதுவது இப்படி இருக்கும். 100 வீடு பார்த்ததில் 12 வீட்டில் புழு என்றால் வீட்டுக் குறியீடு 12. 240 தண்ணீர்க் கலன்களில் 18-இல் புழு என்றால் கலன் குறியீடு 7.5. நூறு வீட்டுக்குப் புழுவுள்ள கலன் 18 என்பது மூன்றாவது குறியீடு, அதைப் பிரெட்டோ குறியீடு என்பார்கள். மூன்று எண்ணும் மேலதிகாரிகளுக்குப் போகும். ஆனால் நாளை காலை எங்கே போக வேண்டும் என்பதை இவற்றில் ஒன்றுகூடச் சொல்லாது.

கூட்ட வேண்டிய இரண்டு பத்திகள்: கலன் என்ன வகை, அதில் கூட்டுப்புழு எத்தனை. இப்போது அதே 18 கலன் வேறு கதை சொல்லும். கணக்குக்காக இப்படி வைத்துக்கொள்வோம்: 9 பிரிட்ஜ் பின்தட்டுகளில் 6 கூட்டுப்புழு, 5 செடித்தட்டுகளில் 4, மூடாத 2 சிமெண்ட் தொட்டிகளில் 70, குவித்துப் போட்ட ரப்பர் கப்புகள் உள்ள 2 இடங்களில் 80. மொத்தம் 160. அதில் 150 வந்தது நாலே இடத்திலிருந்து. 14 தட்டுகளைத் துடைக்கும் நேரத்தில் அந்த நாலு இடத்தை முடித்துவிடலாம். கூட்டுப்புழுவை எண்ணுவதற்குக் காரணம், புழுக்களில் பல வளரும் முன்பே செத்துவிடும், ஆனால் கூட்டுப்புழு அநேகமாகக் கொசுவாகிவிடும் என்பதுதான்.

தொட்டியைக் கவிழ்ப்பது மட்டும் போதாது. ஏடிஸ் தன் முட்டையைத் தண்ணீர் மட்டத்துக்குச் சற்று மேலே உட்சுவரில் ஒட்டிவைக்கும். காய்ந்தாலும் அந்த முட்டை பல மாதம் உயிரோடிருந்து, மறுபடி தண்ணீர் ஏறும்போது பொரிக்கும். உட்சுவரைத் தேங்காய்நாரோ பிரஷோ கொண்டு தேய்க்க வேண்டும். கவிழ்க்கவோ தேய்க்கவோ முடியாத பெரிய தொட்டிக்குத்தான் தண்ணீரிலுள்ள புழுவைக் கொல்லும் அபேட் மருந்து.

இது உதவுகிறதா என்று எப்படித் தெரிந்துகொள்வது? பேரூராட்சியில் 18 வார்டு இருந்தால், மன்றக் கூட்டத்திலேயே எல்லோர் முன்னிலையிலும் சீட்டுக் குலுக்கி 9 வார்டுகளைத் தேர்ந்து, அங்கே முதல் எட்டு வாரம் இந்தப் புதிய முறையில் வேலை செய்யலாம். மற்ற 9 வார்டுகளில் அதே எண்ணிக்கைப் பணியாளர்கள் பழைய முறையில் தொடர்வார்கள், எட்டு வாரம் கழித்து அவர்களும் புதிய முறைக்கு வருவார்கள். யாருக்கும் மறுப்பு இல்லை, முன்பின் மட்டும்தான். 'என் வார்டை ஏன் விட்டீர்கள்' என்று கவுன்சிலர் கேட்டால் குலுக்கல் அவர் கண்முன் நடந்தது என்று சொல்லலாம். எட்டு வார முடிவில், வார்டு எல்லையை ஒட்டிய வீடுகளை விட்டுவிட்டு உள்பக்க வீடுகளில் மட்டும் கூட்டுப்புழுவை எண்ண வேண்டும். ஏடிஸ் அதிக தூரம் பறக்காது என்றாலும் எல்லை வீட்டுக்கு அடுத்த வார்டுக் கொசு வந்துவிடும்.

பிழை எங்கே வரும் என்றால், எண்ணுவதில். தான் சுத்தம் செய்த வீட்டில் தானே எண்ணினால் பூஜ்யம் எழுதத்தான் கை போகும். ஆகவே கடைசி எண்ணிக்கையை வேறு வார்டுப் பணியாளர் எடுக்க வேண்டும். நடுவிலும் பத்து வீட்டுக்கு ஒன்று என்று அதே நாளில் இன்னொருவர் மறுபடி பார்க்க வேண்டும். பதிவேட்டில் நூறு வீட்டிலும் புழு இல்லை என்றிருக்க, மறுபார்வைக்குப் போன பத்து வீட்டில் மூன்றில் புழு கிடைத்தால், அந்தப் பதிவேட்டை நம்பி எதையும் முடிவுசெய்ய முடியாது. பூட்டிய வீடுகளையும் தனியாக எழுத வேண்டும். காலையில் எல்லோரும் வேலைக்குப் போய்விடும் தெருவில் நாலில் ஒரு வீடு பூட்டியிருந்தால், கிடைக்கும் எண் திறந்திருந்த வீடுகளின் எண் மட்டுமே. அங்கே ஞாயிற்றுக்கிழமை ஒரு சுற்று போக வேண்டியிருக்கும். ரப்பர் தோட்டத்துக்கு வீட்டுப் பதிவேடு உதவாது. தோட்டக்காரரிடமும் பால்வெட்டுகிறவரிடமும் பேசி, வெட்டு நின்ற நாட்களில் கப்பைக் கவிழ்த்து வைக்கச் சொல்லி, மரங்களை எண்ணிப் பார்க்கும் தனித் தாள் ஒன்று வேண்டும்.

இந்தச் சோதனை எதைச் சொல்லாது என்பதும் தெளிவாக இருக்க வேண்டும். பதினெட்டு வார்டுகளில் எட்டு வாரத்தில் வரும் டெங்கு நோயாளிகள் மிகச் சிலர். அந்தச் சின்ன எண்களை ஒப்பிட்டு 'டெங்கு குறைந்தது' என்று அறிவித்தால், மேலே புகைக்குச் செய்த அதே தவறைத் தொட்டிக்கும் செய்தவர்களாவோம். கொசுக் குறியீடுகளுக்கும் நோய்க்கும் உள்ள தொடர்பும் நாம் நினைக்கும் அளவு இறுக்கமானது இல்லை என்றே ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. ஆகவே இதிலிருந்து நேர்மையாகச் சொல்லக்கூடியது இவ்வளவுதான்: அதே ஆள், அதே கூலியில், எந்த முறையில் கூட்டுப்புழு அதிகம் ஒழிகிறது. ஒரு பேரூராட்சி தன் பணியாளர்களை எங்கே அனுப்புவது என்று முடிவுசெய்ய அது போதும்.

முடிவு கையில் வந்ததும் அதை டிசம்பருக்குள் ஒரே பக்கத்தில், தமிழில், கோப்புக்குறிப்பு வடிவிலேயே எழுத வேண்டும். என்ன செய்தோம், இரண்டு குழுவிலும் கூட்டுப்புழு எத்தனை, அடுத்த வருடத்துக்கு எத்தனை ஆள்நாள், எந்தச் செலவுத் தலைப்பு, மன்றம் நிறைவேற்ற வேண்டிய தீர்மானத்தின் வாசகம் என்ற வரிசையில் இருந்தால் செயல் அலுவலர் அதை அப்படியே பொருள்நிரலில் சேர்க்கலாம். கூடவே மனுவுக்கான பதிலின் மாதிரி வாசகத்தையும் மாற்றிவிட வேண்டும்: 'இன்ன தேதியில் இத்தனை வீடுகள் பார்க்கப்பட்டன, இத்தனை இடங்களில் புழு ஒழிக்கப்பட்டது, அடுத்த சுற்று இன்ன தேதி' என்று. தேதியும் எண்ணிக்கையும் இருப்பதால் அந்த வரியாலும் கோப்பு முடியும். தேய்ப்பதற்கு முன்னும் பின்னும் எடுத்த தொட்டியின் படம் புகைப்படத் தேவையையும் தீர்க்கும். காய்ச்சல் வெடித்தால் எந்த எண்ணிக்கைக்கு மேல் புகை அடிப்பது, அதைச் சொல்லும் பொறுப்பு எந்த மருத்துவ அலுவலருடையது என்பதையும் அதே தீர்மானத்தில் முன்கூட்டியே எழுதிவைத்தால், புகை அடிக்காத வாரத்துக்கான பழி ஒரு தனி அதிகாரியின் தலையில் விழாது.